பாஸ்புக்கில் 18,734: மீதி வட்டி எங்கே?

மலைக்கோட்டை: 2024-25 பிஎஃப் வட்டி ஏறிவிட்டது. என் பங்கில் ஆரம்ப இருப்பு 2,00,000. மாதப் பிடித்தம் 5,000. இடையில் எதுவும் எடுக்கவில்லை. 2,60,000-க்கு 8.25% போட்டால் 21,450 வர வேண்டும். ஏறியிருப்பது 18,734. அந்த வரி கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சம்பளப்பிரிவு: முழு வருஷமும் கிடந்தது 2,00,000 மட்டும்தான். அதற்கு 16,500. மாதாமாதம் ஏறும் பணத்துக்கு அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்துதான் வட்டி ஓடும். மார்ச் சம்பளத் தொகை ஏப்ரலில் ஏறும், அதற்கு 11 மாத வட்டி. அடுத்ததற்கு 10. இப்படியே இறங்கி, மார்ச்சில் ஏறுவதற்கு அந்த வருஷம் ஒன்றுமில்லை. கூட்டினால் 66 மாதம். 5,000 × 66 = 3,30,000; அதை 8.25%-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 2,268.75. மொத்தம் 18,769. வட்டி கணக்கில் சேருவது மார்ச் 31-ல்தான், அதனால் வருஷத்துக்குள் வட்டிக்கு வட்டி கிடையாது. உங்களுக்கு இன்னும் 35 ரூபாய் குறைகிறது. பணம் ஏறிய தேதிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

காவிரிக்கரை: கம்பெனி 5-ஆம் தேதிக்குள் கட்டியிருக்காது. அதற்கப்புறம் கட்டினால் அந்த மாத வட்டி போச்சு.

சம்பளப்பிரிவு: அது பிபிஎஃப் விதி சார். இங்கே 2-ஆம் தேதி ஏறினாலும் 28-ஆம் தேதி ஏறினாலும் ஒன்றுதான். மாதம் தாண்டினால்தான் இடிக்கும்.

ஓய்வுக்கணக்கு: முன்பணம் எடுக்கப்போகிறவர்களும் இதைக் கவனியுங்கள், யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். எடுக்கும் தொகைக்கு முந்தின மாதக் கடைசி வரைதான் வட்டி. ஆரம்ப இருப்பிலிருந்து 50,000-ஐ ஜூன் 30-ல் எடுத்தால் ஏப்ரல், மே வட்டி மட்டும். ஜூலை 1-ல் எடுத்தால் ஜூனும் சேரும். ஒரே நாள் இடைவெளி, 344 ரூபாய் வித்தியாசம். ஆனால் நாம் விண்ணப்பிக்கும் தேதி கணக்கில் வராது, பணம் கணக்கிலிருந்து கழியும் தேதிதான். அதனால் மாதக் கடைசியில் விண்ணப்பித்தால் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. அவசரச் செலவுக்கு இதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

தறிக்காரர்: எனக்கு வேறு சிக்கல். மாதம் 1,250 பென்ஷனுக்குப் போகிறது. வருஷத்துக்கு 15,000. அதற்கு வட்டியே காட்டவில்லையே?

சம்பளப்பிரிவு: காட்டாது. அது தனிநபர் இருப்பு இல்லை. பென்ஷன் உங்கள் சர்வீஸையும் சம்பளத்தையும் வைத்துத்தான் வரும். முதலாளி பங்கில் அது போக மிஞ்சியதற்குத்தான் வட்டி.

மலைக்கோட்டை: பார்த்துவிட்டேன். செப்டம்பர் சம்பளத் தொகை அக்டோபரில் ஏறவில்லை, நவம்பர் 4-ல் ஏறியிருக்கிறது. 5 மாத வட்டி 4 ஆகிவிட்டது. 34.38 குறைந்து, முழு ரூபாயாக்கும்போது 35 ஆகியிருக்கிறது. முதலாளி பங்கிலும் அதே மாதம் இடிக்கும். எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். இதை யாராவது கேட்டு வாங்கியிருக்கிறீர்களா?

காவிரிக்கரை: 35 ரூபாய்க்கு மனுவா?

ஓய்வுக்கணக்கு: இன்றைக்கு 35. ஓய்வு பெறும்வரை அதற்கும் வருஷா வருஷம் வட்டி ஏறியிருக்குமே. எழுதிக் கேளுங்கள்.