பொங்கல் கரும்பு எத்தனை கட்டு எடுப்பது: சராசரி 80-ஆ, ஃபார்முலா சொல்லும் 73-ஆ?

மளிகை_திருச்சி:
திருவளர்சோலைப் பக்கம் ஒரு விவசாயியிடம் டிசம்பரிலேயே வயலில் பேசி, அட்வான்ஸ் கொடுத்துக் கரும்பு எடுப்பது எங்கள் வழக்கம். ஒரு கட்டுக்கு 20 கரும்பு. வண்டி, இறக்குக் கூலி எல்லாம் சேர்த்துக் கட்டு 400 ரூபாய் விழுகிறது. ஜோடி 60 என்று விற்றால் கட்டுக்கு 600. மிஞ்சியதை மாட்டுக்காரர் கட்டு 50 ரூபாய்க்கு அள்ளிக்கொண்டு போவார். ஏழு வருட நோட்டைப் பார்த்தால் சராசரி 80 கட்டு விற்றிருக்கிறது, 20 முன்னேபின்னே ஆகும். போன வருடம் 75 எடுத்தேன், போகி இரவு 9 மணிக்கே காலி. இந்த வருடம் எத்தனை சொல்லலாம்?

தெற்குரதவீதி:
80 சராசரி என்றால் 90 எடுங்கள் அண்ணாச்சி. பண்டிகை நாளில் கடைக்கு வந்தவரைக் ‘கரும்பு இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. என் அப்பா காலத்திலிருந்து சராசரிக்கு மேல் பத்து என்பதுதான் கணக்கு.

எண்கணக்கு:
அந்தக் கணக்கில் கை சுடும். 80-வது கட்டை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அது விற்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. விற்றால் 200 லாபம், விற்காவிட்டால் 350 நட்டம். சராசரியாகப் பார்த்தால் 100 ரூபாய் வரவுக்கு எதிரே 175 ரூபாய் செலவு. அந்தக் கட்டை வாங்கியதே தப்பு. 90-வது கட்டு இன்னும் மோசம்.

எந்தக் கட்டில் வரவும் நட்டமும் சமமாகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். அதைத்தான் கிரிட்டிக்கல் ரேஷியோ சொல்கிறது: 200 / (200 + 350) = 0.364. அதாவது, தேவை நம் சரக்கைத் தாண்டாமல் இருக்க 36 சதவீத வாய்ப்பு உள்ள அளவில் நிறுத்த வேண்டும். எக்செல்லில் இப்படிப் போடுங்கள்:

```
=NORM.INV(0.364, 80, 20)
```

73 வரும். 73-வது கட்டு விற்க வாய்ப்பு 64 சதவீதம். 0.64 × 200, 0.36 × 350 இரண்டுமே சுமார் 127. சமம்.

தெற்குரதவீதி:
அப்படியென்றால் பத்து வருடத்தில் ஆறு வருடம் கரும்பு தீர்ந்துபோகும் என்று நீங்களே சொல்கிறீர்கள். இப்படிக் கடை நடத்தினால் யார் வருவார்கள்?

எண்கணக்கு:
ஆமாம், ஆறு வருடம் தீரும். லாபம் மெலிந்து, மிஞ்சினால் மாட்டுக்குத்தான் என்கிற சரக்கில் அதுதான் சரி. தீர்ந்தால் உறுத்துகிறது, மிஞ்சினால் மாட்டுக்காரர் வந்து அள்ளிவிடுவதால் மறந்துபோகிறது. மனிதக் கை எப்போதும் சராசரிப் பக்கமே சாயும். 2000-ல் ஷ்வைட்சர், கஷோன் என்ற இருவர் இதைச் சோதனை வைத்தே காட்டினார்கள். லாபம் கொழுத்த சரக்கில் ஆட்கள் குறைவாகவும், மெலிந்ததில் அதிகமாகவும் எடுத்தார்கள்.

பட்டுநூல்:
இவ்வளவு கணக்கு எதற்கு? எங்கள் ஜவுளிக்கடையில் தீபாவளிக்கு முதலில் கொஞ்சமாக எடுப்போம். எந்த டிசைன் ஓடுகிறதோ அதை மறுபடி எடுத்துவிடுவோம். நீங்களும் 50 எடுங்கள், ஓடினால் இன்னும் 50.

எண்கணக்கு:
உங்களுக்குத் தீபாவளி சீசன் ஒரு மாதம் ஓடும். கரும்பு மூன்று நாள். ஒரே தடவை ஆர்டர் கொடுக்கும் சரக்குக்குத்தான் இந்தக் கணக்கே.

லாரிக்காரர்_மகன்:
பட்டுநூல் சொன்னதை அப்படித் தள்ளாதீர்கள். போகியன்று மார்க்கெட்டில் கரும்பு இறங்கும். கட்டு 500 என்று வைத்தாலும் அதை வாங்கி 600-க்கு விற்கலாம். அப்போது ஒரு கட்டு குறைவாக எடுத்ததால் நமக்குப் போவது 200 இல்லை, 100 மட்டும்தான்.

எண்கணக்கு:
இது நியாயம், நான் யோசிக்கவில்லை. அப்படியானால் 100 / (100 + 350) = 0.22, அளவு 65 கட்டுக்கு இறங்கும். ஆனால் போகி மாலை 500-க்குக் கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? எல்லாக் கடையிலும் ஒரே நேரத்தில்தான் தீரும். 600-க்கு ஏறிவிட்டால் நாம் பழைய கணக்குக்கே திரும்ப வேண்டும்.

லாரிக்காரர்_மகன்:
சில வருடம் 350-க்கும் கிடைத்திருக்கிறதே.

எண்கணக்கு:
அது மழை பெய்து யாரும் வாங்காத வருடமாக இருக்கும். நமக்குத் தேவைப்படும் வருடத்தில் அந்த விலை இருக்காது.

மளிகை_திருச்சி:
ஒரு சந்தேகம். கரும்பு வாங்க வருபவர் வெல்லம், பச்சரிசி, மஞ்சள் கொத்து என்று சேர்த்துத்தான் வாங்குவார். கரும்பு இல்லையென்றால் மொத்தமாகப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். அதை எங்கே சேர்ப்பது?

எண்கணக்கு:
200 இருக்கும் இடத்தில்தான். ஒரு கட்டு என்றால் பத்து ஜோடி, பத்து வாடிக்கையாளர். அதில் இரண்டு பேர் மொத்தமாகப் போய்விடுவார்கள், அவர்களிடம் மற்ற சாமானில் தலைக்கு 60 ரூபாய் லாபம் என்று வைத்தால் 120 கூடும். 320 / (320 + 350) = 0.48. அளவு 79. தெற்குரதவீதி, உங்கள் அப்பா மனதில் இருந்தது இதுதான் போலும். ஆனால் இதிலும் 90 வராது.

தெற்குரதவீதி:
இரண்டு பேர்தான் போவார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? எங்கள் தெருவில் ஐந்து பேர் போவார்கள்.

எண்கணக்கு:
எனக்குத் தெரியாது, அண்ணாச்சிக்குத் தெரியும். ஐந்து பேர் என்றால் 500 / 850, அதாவது 0.59. 84 கட்டு எடுக்கலாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை அந்த 80-லேயே இருக்கிறது. போன வருடம் ‘75 விற்றது’ என்று நோட்டில் எழுதியிருப்பீர்கள். ஆனால் சரக்கே 75-தான். பொங்கல் காலையில் வந்து திரும்பியவர்களை நோட்டு பார்க்கவில்லை. விற்பனையைத் தேவை என்று எடுத்தால் அடுத்த வருடம் இன்னும் குறைவாக எடுப்பீர்கள், இன்னும் சீக்கிரம் தீரும், நோட்டில் எண் இன்னும் இறங்கும். தீராத வருடங்களில் போகி இரவு 9 மணிக்குள் எவ்வளவு விற்றிருக்கும்?

மளிகை_திருச்சி:
முக்கால்வாசி இருக்கும்.

எண்கணக்கு:
அப்போது போன வருடத் தேவை 75 இல்லை, 100-ஐ ஒட்டி இருந்திருக்கும். அந்த ஒரு வருடத்தைத் திருத்தினாலே சராசரி 80-லிருந்து 84-க்கு ஏறுகிறது. 73 சொன்ன இடத்தில் 77. வேறு எந்த வருடமாவது தீர்ந்திருந்தால் அதையும் இப்படியே திருத்துங்கள். இனிமேல் எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்பதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

லாரிக்காரர்_மகன்:
ரேஷன் கரும்பை விட்டுவிட்டீர்களே. 2023 பொங்கலுக்கு முதலில் அறிவித்த தொகுப்பில் கரும்பு இல்லை. விவசாயிகள் எதிர்த்த பிறகு 2022 டிசம்பர் கடைசியில்தான் சேர்த்தார்கள். அதற்குள் கடைக்காரர்கள் பலர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு முழுக் கரும்பு ரேஷனில் வந்துவிட்டால் ஜோடி கேட்பவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். அந்த வருடங்களையும் மற்ற வருடங்களையும் ஒரே சராசரியில் கலந்தால் எப்படி?

எண்கணக்கு:
கலக்கக் கூடாதுதான். ஆனால் ஏழு வருடத்தை இரண்டாகப் பிரித்தால் கையில் மூன்று, நான்கு எண்கள்தான் மிஞ்சும். அதை வைத்து 20 முன்னேபின்னே என்று சொல்வதே துணிச்சல். அட்வான்ஸை அறிவிப்பு வரும்வரை தள்ளிப்போட முடிந்தால் அதுவே பெரிய லாபம்.

மளிகை_திருச்சி:
தள்ளிப்போட்டால் கரும்பு வேறு கைக்குப் போய்விடும். 77 என்று இன்று காலை போன் செய்தேன். பாத்தியைப் பாதியில் விட்டு வெட்ட முடியாது, எடுத்தால் 90-ஆக எடு என்கிறார்.

தெற்குரதவீதி:
நான் சொன்ன எண்!

எண்கணக்கு:
பக்கத்துக் கடைக்காரர் 13 கட்டை 400-க்கே எடுத்துக்கொள்வாரா? கேட்டுவிட்டு வாருங்கள்.

மளிகை_திருச்சி:
அவருக்கும் அதே விவசாயிதான்.