வெப்பநிலையைக் கூட்டினால் மோதல் அதிர்வெண் கூடுமா, குறையுமா? அவசரம்

கவின்_11
நாளைக்குத் தேர்வு, சீக்கிரம் சொல்லுங்க. நைட்ரஜன் வாயு, 300 K-லிருந்து 600 K ஆகுது. மோதல் அதிர்வெண் எத்தனை மடங்கு ஆகும்? எனக்கு √2 வருது, விடைத்தாளில் 1/√2 இருக்கு. விடைத்தாள் தப்புதானே?

மீனா ரா
இறுக மூடின கலனா, பிஸ்டன் வச்சதா? அதைச் சொல்லாம ரெண்டு விடையில எதையும் தப்புன்னு சொல்ல முடியாது.

வேல்முருகன்
விடைத்தாள் தப்புதான் தம்பி. கூட்டத்துக்குள்ள வேகமா ஓடுறவன் அடிக்கடி இடிபடுவான். சூடானா வேகம் கூடும், மோதலும் கூடும். மோதலிடைத் தூரமும் அதனால குறையும்.

பழைய ஆய்வகம்
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதிவிட்டேன். தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது, எது மாறாமல் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மீனா ரா
சரி சார், ஆனா அவனுக்கு நாளைக்குத் தேர்வு. கவின், கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

மோதலிடைத் தூரம் `λ = kT / (√2 π d² P)`. நைட்ரஜன் மூலக்கூறின் விட்டத்தை 3.7 × 10⁻¹⁰ மீட்டர்னு வச்சா, 300 K-லயும் ஒரு வளிமண்டல அழுத்தத்துலயும் λ சுமார் 67 நானோமீட்டர். சராசரி வேகம் நொடிக்கு 476 மீட்டர். வேகத்தை λ-ஆல வகுத்தா நொடிக்குச் சுமார் 7.1 × 10⁹ மோதல்.

600 K-ல எப்படி இருந்தாலும் வேகம் √2 மடங்காகி 673 ஆகும். கலன் மூடியிருந்தா மூலக்கூறுகளோட நெருக்கம் மாறாது, λ அதே 67-ல நிக்கும், மோதல் 10¹⁰ ஆகும். உன் √2 இதுதான். அழுத்தம் மாறாம பிஸ்டன் மேல நகர்ந்தா பருமன் இரட்டிக்கும், நெருக்கம் பாதியாகும், λ 134 ஆகும். அப்போ மோதல் 5 × 10⁹ தான். விடைத்தாளோட 1/√2 இது.

வேல்முருகன் சொன்ன கூட்டத்துலயும், ஓடுறவன் வேகம் கூடுறதால ஆட்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி சுருங்காது. இடிபடுறதுக்கு இடைப்பட்ட நேரம்தான் குறையும்.

வேல்முருகன்
மூடின கலனுக்கு நான் சொன்னதுதானே வருது? தூரம் பத்தின பேச்சை மட்டும் விட்டுடுங்க.

செல்வி (பூச்சு வேலை)
எங்க வெற்றிட அறையைச் சூடாக்கினா அழுத்தமே ஏறிடுது. அப்போ மோதல் குறையும்னு எப்படிச் சொல்றீங்க? அறை 30 செ.மீ. அகலம், ஓடுறது 10⁻³ பாஸ்கல்ல.

மீனா ரா
உங்க கதை வேற, செல்வி அக்கா. சூட்டுல சுவரில் ஒட்டியிருக்கிற நீராவி கழன்று வருது, மூலக்கூறுகளோட எண்ணிக்கையே கூடுது. கவின் கணக்குல எண்ணிக்கை மாறாது. அதோட அந்த அழுத்தத்துல λ கிட்டத்தட்ட 7 மீட்டர். மூலக்கூறு இன்னொன்னைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பலமுறை சுவரில் மோதிடும். அங்க அறையோட அகலம்தான் கணக்கு, λ இல்ல.

செல்வி (பூச்சு வேலை)
அதனாலதான் ஆவியான அலுமினியம் நேர்கோட்டுல போய் ஒட்டுது போல. மறைவுல இருக்கிற பக்கம் பூச்சே விழாது.

பழைய ஆய்வகம்
மூடிய கலனில் λ மாறாது என்பதும் முழு உண்மை இல்லை. வேகமாக வரும் மூலக்கூறுகளை ஈர்ப்பு விசை குறைவாகவே திருப்பும். ஆகவே மோதும் விட்டம் வெப்பநிலையோடு சுருங்கும். சதர்லாந்து திருத்தப்படி நைட்ரஜனுக்கு 300-லிருந்து 600-க்குப் போனால் λ சுமார் 15 சதவீதம் நீளும்.

மீனா ரா
உண்மைதான், ஆனா கேள்வி கெட்டிக் கோளங்களை வச்சு. பள்ளிக் கணக்குல இதை எழுதினா மதிப்பெண் போகும்.

பழைய ஆய்வகம்
மதிப்பெண்ணுக்காக இயற்பியலைக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

வேல்முருகன்
சூடாக்கினா விட்டம் சுருங்குமா? பொருள் விரியத்தானே செய்யும்?

பழைய ஆய்வகம்
மூலக்கூறின் உடல் சுருங்குவதில்லை. எவ்வளவு பக்கத்தில் கடந்தால் பாதை திரும்புகிறது என்பதுதான் இங்கே விட்டம்.

மீனா ரா
கவின், இன்னொன்னு. கேட்டது ஒரு மூலக்கூறுக்கான மோதலா, ஒரு கன மீட்டருக்குள்ள நடக்கிற மொத்த மோதலா? மொத்தம்னா பிஸ்டன்ல 1/(2√2) வரும், ஏன்னா நெருக்கம் இன்னொரு தடவை பாதியாகும்.

கவின்_11
14-16 கேள்விகளுக்கு மேல பொதுவா ஒரு வரி இருக்கு: உராய்வில்லாத பிஸ்டன், வெளி அழுத்தம் மாறாது. 1/√2 சரி. நன்றி அக்கா.

மீனா ரா
ஒரு மூலக்கூறுக்கா, மொத்தமான்னு சொல்லவே இல்லையே?