தாடி எண்ணெய் பூசியதும் எரிச்சல், பிறகு பருக்கள்: எதை மாற்றுவது?

ஹட்டன் வாசகர்: வணக்கம். 30 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயில் 15 துளி கறுவா எண்ணெய் கலந்து வைத்திருக்கிறேன். இங்குள்ள குளிரில் அது போத்தலிலேயே உறைந்துவிடுவதால், வெந்நீரில் வைத்து உருக்கி இரவில் தாடிக்குப் பூசுகிறேன். சில நிமிடங்களில் கன்னம் எரிகிறது. தாடைக்குக் கீழே சிறு பருக்களும் வந்துள்ளன. அதே வாசனை சேர்த்த மீசை மெழுகு எரிவதில்லை. எந்த எண்ணெய்க்கு மாறலாம்?

பண்டாரவளை: கறுவாவை உடனே நிறுத்துங்கள். தேங்காயெண்ணெயைக் குறை சொல்ல வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லோரும் தலைமுறையாகப் பூசுவது அதுதான்.

நானுஓயா: என் மீசை மெழுகு கல்லாக இறுகிவிடுகிறது. தேன்மெழுகும் எண்ணெயும் சம அளவில் சேர்த்தேன். அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதுளை, மூலிகைத் தைலம் செய்பவர்: ஹட்டன் தம்பி, உங்களுக்கு இருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். உடனே எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் கறுவாதான். ஒரு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 20 துளி என்று கொண்டால், உங்கள் கலவையில் அது 2.5 சதவீதம். பட்டை எண்ணெயென்றால் அதில் பத்தில் ஒரு பங்கே தோலுக்கு அதிகம். இலை எண்ணெயென்றாலும் 3 துளிக்கு மேல் வேண்டாம். மெழுகு தோலில் படாமல் மயிரிலேயே நிற்பதால் அங்கே எரிவதில்லை.

பருக்கள் வேறு கதை. தலைக்கு ஒத்துக்கொள்ளும் தேங்காயெண்ணெய், பரு வரக்கூடிய முகத்தில் இரவு முழுவதும் கிடந்தால் துளைகளை அடைக்கலாம். வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெயைக் குளித்தபின் ஈரத் தாடியில் மூன்று நான்கு துளி மட்டும் தடவுங்கள். அது இந்தக் குளிரில் உறையாது. முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் பூசிப் பாருங்கள்.

நானுஓயாக்காரர் ஒரு பங்கு மெழுகுக்கு இரண்டு பங்கு எண்ணெய் எடுத்து, நேரடி நெருப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கட்டும்.

ஹட்டன் வாசகர்: நன்றி அண்ணா. போத்தலில் ‘கறுவா எண்ணெய்’ என்று மட்டும்தான் உள்ளது. தாடிக்குள்ளும் புருவத்திலும் மஞ்சள் நிறப் பிசுபிசுப்பான செதில்கள் உதிர்கின்றன.

பதுளை, மூலிகைத் தைலம் செய்பவர்: பட்டையா இலையா என்று தெரியாத போத்தலை முகத்துக்குப் பாவிக்க வேண்டாம். புருவத்திலும் செதில் இருப்பது பொடுகு வகையாக இருக்கலாம். அதற்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்களே உணவு என்பதால், சூரியகாந்தி எண்ணெயும் உதவாது. ஆகவே நான் மேலே சொன்னதை இப்போதைக்குத் தள்ளிவைத்து, எல்லா எண்ணெய்களையும் நிறுத்துங்கள். கீற்றோகொனசோல் ஷாம்புவைத் தாடியில் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவலாம். ஆனால் எரிச்சல் அடங்கிய பிறகே தொடங்குங்கள். பருக்கள் அந்தப் பூஞ்சையினாலா, துளை அடைப்பினாலா என்பதைத் தோல் வைத்தியர் நேரில் பார்த்தே சொல்ல வேண்டும்.