பொருள்: கூட்டுக்குள் காத்திருக்கும் தெள்ளுக்கு என்ன பெயர்? (வெள்ளிக்கிழமை அச்சு)

மங்கை, கோவை:

குழுவினருக்கு வணக்கம்.

நாய் வளர்ப்போருக்கான நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். தெள்ளுப்பூச்சி பற்றியது. முட்டை, புழு, கூட்டுப்புழு, வளர்ந்த பூச்சி என்ற நான்கு சொல்லும் பள்ளிப் பாடநூலிலேயே கிடைக்கின்றன. என் சிக்கல் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். கூட்டுக்குள்ளே பூச்சி முழுதாக வளர்ந்துவிடுகிறது, கால், வாய் எல்லாம் ஆயிற்று, ஆனால் வெளியே வருவதில்லை. ஆங்கில மூலம் இதை 'ப்ரீ-எமர்ஜ்டு அடல்ட்' என்கிறது. நாய்க்கு மருந்து போட்ட பிறகும் சில வாரம் புதுத் தெள்ளு வந்துகொண்டே இருக்கும் அந்தக் காலத்துக்குப் பெயர் 'பியூப்பல் விண்டோ'.

எனக்கு முன் இதைத் தொட்டவர் 'கூட்டுப்புழுச் சாளரம்' என்று எழுதி வைத்திருக்கிறார். மெய்ப்பு பார்த்த அச்சகத்துப் பையன், "எந்த ஜன்னலுக்குக்கா வலை அடிக்கணும்?" என்று கேட்டான். உதவுங்கள்.

வளவன், தஞ்சை:

அன்புடையீர், 'கூடுறை தெள்ளு' என்பது என் முன்மொழிவு. 'கூட்டுறை' என்றல்லவா வரவேண்டும் என்று யாரேனும் ஒற்று இரட்டிக்க வருமுன் சொல்லிவிடுகிறேன்: தொல்காப்பியர் 'காடுறை உலகம்' என்றாரே தவிரக் 'காட்டுறை உலகம்' என்றாரில்லை. வழக்கு முடிந்தது.

கூடவே ஒன்று. தெள்ளுதல் என்றால் முறத்தில் கொழித்தல். மணி எம்பி எம்பி விழும். எம்பிக் குதிக்கும் பூச்சிக்கு அப்பெயர் அமைந்த அழகைப் பாருங்கள். தெளிவு, தெள்ளமுது, தெள்ளு தமிழ் எல்லாம் இதன் உறவே.

ராஜி, சென்னை:

எங்கள் ராணிக்குக் காதுக்குள் கொத்துக் கொத்தாக இருக்கிறது. பிடுங்கினால் ரத்தம். சுவரில்கூட ஏறுகிறது. வேப்பெண்ணெய் தடவலாமா? சொல்லெல்லாம் பிறகு பார்க்கலாமே.

மரு. அருள், நாமக்கல் (பணி ஓய்வு):

ராஜி அம்மா, நீங்கள் சொல்வது உண்ணி. எட்டுக் கால், காதிலும் விரலிடுக்கிலும் பிடித்துத் தொங்கும், சுவரேறும். தெள்ளுக்கு ஆறு கால், பக்கவாட்டில் தட்டை, ரோமத்துக்குள் ஓடும், குதிக்கும். எண்ணெயை நம்பி நாளைக் கடத்தாமல் ராணியை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இந்த இரண்டையும் ஒன்றாக்குவது நம் ஊர்ப் பழக்கம். 'உண்ணிக் காய்ச்சல்' என்று செய்தித்தாளில் வருவதைப் பரப்புவது உண்ணியே இல்லை, அது வேறொரு நுண்ணிய சிலந்திப் பேன்.

தெள்ளுதானா என்று அறிய எளிய வழி உண்டு. நாயின் வால் அடியில் பேன் சீப்பால் வாரி, விழும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் போடுங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, செரித்த ரத்தம். மண்ணாக இருந்தால் நிறம் விடாது. மங்கை, இந்தத் தூளைத் துண்டறிக்கையில் விட்டுவிடாதீர்கள். நாயிடமிருந்து உதிரும் இந்தத் தூள்தான் தரையில் இருக்கும் புழுவுக்குச் சாப்பாடு.

சிவா, ரொறன்ரோ:

வணக்கம். எங்கட வீட்டுக் கதையைக் கேளுங்கோ. போன கோடையில நாய்க்குத் தெள்ளு. கழுத்தில ஊத்துற மருந்து போட்டு, அண்ணா வீட்டில விட்டிட்டு மூண்டு கிழமை விடுமுறைக்குப் போனம். திரும்பி வந்து சூட்கேசை கார்ப்பெட்டில வச்ச உடன காலெல்லாம் கறுப்புக் கறுப்பாப் பாயுது. வெள்ளைச் சொக்ஸில நல்லாத் தெரிஞ்சது. நாய் இன்னும் அண்ணா வீட்டிலதான்! ஆளில்லாத வீட்டில எதைக் குடிச்சு உயிரோட இருந்தது இது? மருந்து வேலை செய்யேல்லை எண்டு மனிசி சொல்லுறா.

கணேசன், மதுரை:

மருந்துக்குப் பூச்சி பழகிவிட்டது, அவ்வளவுதான். கொசு விஷயத்தில் பார்க்கவில்லையா? வீரியமான மருந்தாக வாங்கி வீடு முழுக்க ஒரே அடியாக அடித்தால் கூடு, புழு எல்லாம் போய்விடும். சொல்லுக்கு: 'உறங்கு தெள்ளு'. எல்லாருக்கும் புரியும்.

மரு. அருள்:

சிவா தம்பியின் வீடு மங்கைக்கு நல்ல எடுத்துக்காட்டு. நாள் வைத்துப் பார்ப்போம்.

நாயின் மேல் பத்துப் பெண் தெள்ளு இருந்தது என்று வையுங்கள். ஒன்று நாளைக்கு நாற்பது முட்டை வரை இடும். பத்தும் சேர்ந்து நானூறு. முட்டை வழுவழுப்பானது, பேன் முட்டைபோல ரோமத்தில் ஒட்டாது. நாய் எழுந்து உதறும் இடமெல்லாம் உப்புத் தூவியதுபோல் விழும், அதிகமும் அது படுக்கும் இடத்தில். மருந்து ஊற்றிய அன்றைக்கு முன்பே பல நாள் இப்படி விழுந்தாயிற்று. மருந்து நாய்மேல் இருந்ததைக் கொன்றது, தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கார்ப்பெட்டில் கிடந்ததை அது தொடவே இல்லை.

முட்டை சில நாளில் பொரிக்கும். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, கார்ப்பெட் நாருக்குள் கீழே இறங்கிவிடும். அங்கே நாய் உதிர்த்த அந்தக் கறுப்புத் தூளைத் தின்று ஒன்றிரண்டு வாரத்தில் கூடு கட்டும். கூட்டின் பட்டு நூல் பசையுள்ளது, தூசும் நூலும் ஒட்டிக்கொண்டால் கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. நல்ல வெப்பமும் ஈரப்பதமும் இருந்தால் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சி ஆக மூன்று நான்கு வாரம். நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில்தான் ஒவ்வொன்றாக முதிர்ந்தன. முதிர்ந்தவை எதையும் குடிக்கவில்லை. கூட்டுக்குள்ளேயே இருந்தன, அங்கே செலவு மிகக் குறைவு. சூழல் ஒத்து வந்தால் சில மாதம்கூட இருக்கும். மிதிபடும் அழுத்தம், அதிர்வு, உடற்சூடு, மூச்சுக்காற்று, இவை பட்டால் நொடிகளில் வெளியே. ஆளிருக்கும் வீட்டில் தினம் நாலைந்தாக வந்து நாய்மேல் ஏறியிருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள். ஆளில்லாததால் சேர்ந்து, உங்கள் காலடிக்கு ஒன்றாக வந்தன.

கணேசன் சொல்லும் மருந்துப் பழக்கம் பூச்சிகளில் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் மருந்து போட்ட ஒரு மாதத்துக்குள் புதுத் தெள்ளு தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கூட்டைத்தான். எவ்வளவு வீரியமாக அடித்தாலும் பட்டும் தூசும் மருந்தைப் பெரும்பாலும் உள்ளே விடாது. வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், நாய்க்கான பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

வளவன்:

மருத்துவர் ஐயா கூற்றால் 'உறங்கு தெள்ளு' வீழ்ந்தது. உறங்குவது நொடியில் பாயாது. கூட்டுக்குள் இருந்தபடியே அதிர்வையும் சூட்டையும் மூச்சையும் அறிகிறதென்றால் இதை எத்தனை அறிவு உயிராகக் கொள்வது? தொல்காப்பியர் எறும்பையும் சிதலையும் மூவறிவில் வைத்தார். ஊற்றறிவு ஒன்று, மூச்சை முகர்வது ஒன்று…

கணேசன்:

ஐயா, வெள்ளிக்கிழமை அச்சு.

மேலும் தெள்ளுக்கும் முறத்துக்கும் சம்பந்தமில்லை. மலையாளத்தில் இது 'செள்ளு'. அவர்கள் எதைக் கொழித்தார்கள்? 'கூடுறை' என்று போட்டால் 'உறை' என்றதும் ஜனங்கள் உறைபனி என்று நினைப்பார்கள். நாய்ப் படுக்கையை ஃப்ரீசரில் வைப்பார்கள்.

வளவன்:

செள்ளும் தெள்ளும் ஒரு தாய் மக்கள், அது என் கட்சிக்கே வலு. தகர சகரத் திரிபு பற்றித் தனி மடல் எழுதுகிறேன். மக்களுக்குப் புரியாதென்று மக்களே சொன்னார்களா?

சிவா:

சொல்லைப் பற்றி எனக்குத் தெரியாது. இப்ப என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோ. வக்கூம் பிடிச்சா இன்னும் கூடுது எண்டு மனிசி பிடிக்க விடுறா இல்லை.

மரு. அருள்:

அதிர்வால் கூடு திறக்கிறது, நல்லதுதான், பிடிக்கச் சொல்லுங்கள். வெளியே வந்ததைத்தான் மருந்து கொல்லும். நாய் படுக்கும் இடம், சோபாவின் அடி, சுவரோரம் தினமும் பிடித்து, பையை உடனே கட்டி வெளியே போடுங்கள். விரிப்பைக் கொதிநீர்ச் சூட்டில் துவையுங்கள். முட்டையையும் புழுவையும் வளரவிடாமல் தடுக்கும் பைரிப்ராக்சிஃபென் அல்லது மெத்தோப்ரீன் கலந்த தெளிப்பை அந்த இடங்களில் அடிக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நாயின் மருந்தை நிறுத்தாதீர்கள். குறைந்தது மூன்று மாதம், தவணை தவறாமல், வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும், பூனைக்குப் பூனை மருந்தும். கூட்டிலிருந்து வரும் பெண் தெள்ளு நாய்மேல் ஏறி ரத்தம் குடித்து ஒரு நாளோ ஒன்றரை நாளோ கழித்துத்தான் முட்டையிடத் தொடங்கும். அதற்குள் மருந்து கொன்றுவிட்டால் புது முட்டை இல்லை. நாயே பொறியாகிவிடுகிறது. இரண்டாம் மாதம் "இன்னும் பார்க்கிறேனே" என்று சலித்து நிறுத்துபவர்கள்தான் மறுபடி வருவார்கள், என் பணிக்காலம் முழுக்கப் பார்த்தது இது.

நம் ஊர் வீட்டுக்கு ஒரு வரி சேருங்கள் மங்கை. கார்ப்பெட் இல்லாததால் நமக்கு இல்லை என்று நினைக்கிறார்கள். மாடிப்படிக்கு அடியில் நாயின் சாக்கு, கயிற்று மிதியடி, சிமெண்டுத் தரை வெடிப்பு, தோட்டத்தில் நிழல் மண், எல்லாம் போதும். வெயில் நேராக விழும் முற்றத்தில் புழு பிழைக்காது. பினாயில் போட்டுத் துடைத்தால் கூட்டுக்கு ஒன்றும் ஆகாது.

ராஜி:

ராணிக்கு உண்ணிதானாம், மாத்திரை கொடுத்திருக்கிறார். 'காத்திருக்கும் தெள்ளு' என்று எழுதினால் என்ன? எனக்குப் புரிந்துவிட்டது.

மங்கை:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு மெய்ப்பு அனுப்பிவிட்டேன். உடற்பகுதியில் எல்லா இடத்திலும் 'கூட்டில் காத்திருக்கும் தெள்ளு'. படத்துக்குக் கீழே இடம் போதாமல் 'கூட்டுத் தெள்ளு' மட்டும். 'சாளரம்' போயிற்று. அந்த இடத்தில், "மருந்து போட்ட பிறகும் ஒன்றிரண்டு மாதம் புதுத் தெள்ளு வரும், மருந்தை நிறுத்தாதீர்கள்" என்று முழு வாக்கியமாகவே எழுதிவிட்டேன். பொறி உவமையை மருத்துவர் ஐயாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். பெயர்ச்சொல் கிடைக்கவில்லை, அச்சு நிற்காது.

கணேசன்:

கூட்டுத் தெள்ளுக்கு என் வாக்கு. உறக்கத்தை விட்டுத்தருகிறேன்.

வளவன்:

என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். 'கூட்டுத் தெள்ளு' என்றால் கூட்டமாக வாழும் தெள்ளு என்றும் பொருள்படும். கூட்டுக் குடும்பம், கூட்டுப் பொரியல் போல. குழுவின் சொற்பட்டியலில் 'கூடுறை தெள்ளு' என்பதையும் பக்கத்தில் சேர்க்க வேண்டுகிறேன். தெள்ளு, செள்ளு பற்றிய மடலைத் தனித் தலைப்பில் இடுகிறேன். அதில் 'சிதல்' பற்றியும் சில குறிப்புகள் உள்ளன.

சிவா:

வளவன் ஐயா, அதுக்கு முதல் ஒரு கேள்வி. அண்ணா வீட்டில நாய் நிண்ட மூண்டு கிழமை, அங்கயும் முட்டை விழுந்திருக்குமோ? அவைக்கு இன்னும் சொல்லேல்லை.