மகளின் பினைல்அலனீன் அளவு ஏறுகிறது: இரவுப் புரத மாவை எப்படிக் குடிக்க வைப்பது?

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்கு 4 வயது, பினைல்கீட்டோனூரியா. இரத்தத்தில் பினைல்அலனீன் அளவை லீற்றருக்கு 120க்கும் 360 மைக்ரோமோலுக்கும் இடையில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடைசி மூன்று இரத்தச் சொட்டுப் பரிசோதனைகளிலும் 500ஐத் தாண்டிவிட்டது.

சோறு, உருளைக்கிழங்கு எல்லாம் தராசில் நிறுத்துத்தான் கொடுக்கிறேன். ஒன்றும் கூடவில்லை. அதனால் சோற்றை இன்னும் குறைக்கப் பார்த்தேன். கிளினிக்கில் தடுத்துவிட்டார்கள். நான்கு மாதமாக நிறை ஏறாமல் 15 கிலோவிலேயே நிற்கிறது என்று வளர்ச்சி அட்டையைக் காட்டினார்கள். அப்புறம் கேட்டது, பினைல்அலனீன் இல்லாத புரத மாவை முழுதாகக் குடிக்கிறாளா என்று.

மூன்று வேளை கரைத்துக் கொடுப்பதை மட்டுமே எழுதிவந்தேன், மிச்சத்தை அளக்கவில்லை. அளந்தபோது இரவு வேளையில் பாதிக்கு மேல் கோப்பையிலேயே இருந்தது. புரதமும் சக்தியும் போதாவிட்டால் உடல் தன் தசையையே கரைக்குமாம்; அதிலிருந்தும் பினைல்அலனீன் இரத்தத்துக்கு வரும். குறைத்துச் சாப்பிட்டும் அளவு ஏறுவது அப்படித்தான்.

இரவு வேளையை உங்கள் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுக்கிறீர்கள்? குளிரவைத்தா, கெட்டியாகக் கரைத்தா, நேரத்தை முன்தள்ளியா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த இரத்தச் சொட்டுக்கு இரண்டு வாரம் இருக்கிறது.