கிரே கோடுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மலர்விழி:
அனைவருக்கும் வணக்கம். பாடநூல் ஒன்றில் ஃபைஃபோ, அதாவது முதலில் எழுதியதை முதலில் படிக்கும் நினைவகம் பற்றிய அத்தியாயம் என் தலையில் விழுந்திருக்கிறது. எழுதும் பக்கம் ஒரு கடிகாரம், படிக்கும் பக்கம் வேறொரு கடிகாரம். எழுதுசுட்டியையும் படிசுட்டியையும் எதிர்க்களத்துக்கு அனுப்பும்போது கிரே கோடாக மாற்றி அனுப்புகிறார்கள். எனக்கு முன் மொழிபெயர்த்தவர் 'சாம்பல் குறியீடு' என்று எழுதி வைத்திருக்கிறார். அதை அப்படியே விட மனம் வரவில்லை. ஒரு நல்ல சொல் தாருங்கள்.

அரங்கநாதன்:
அம்மா, அது நிறம் அன்று, ஆள். பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே 1947இல் விண்ணப்பித்து 1953இல் பெற்ற காப்புரிமை. அவரே அதற்குத் தன் பெயரை வைக்கவில்லை, எதிரொளித்த இருமம் என்ற பொருளில்தான் அழைத்தார். நாம் ஏன் ஆள்பெயரைச் சுமக்க வேண்டும்? நன்னூலார் விகாரம் மூன்று என்கிறார்: தோன்றல், திரிதல், கெடுதல். பொன் + குடம் பொற்குடம் ஆகும்போது ஓர் எழுத்துதான் திரிகிறது, மற்றவை இருந்தபடியே இருக்கின்றன. இந்தக் குறியிலும் அடுத்த எண்ணுக்குப் போக ஒரே பிட்தான் திரிகிறது. ஆகவே 'ஒருதிரிக் குறிமுறை'. திரி என்ற வேர் திரிகை, திரிபு, திரிதரல் என்று எங்கெல்லாம் போகிறது என்பதைத் தனி மடலில் விரிக்கிறேன்.

கதிர்:
ஐயா, ஒருதிரி என்றால் மாணவன் விளக்கைத்தான் தேடுவான் :) 'கிரே கோடு' என்றே விடலாம். புரியவேண்டியது ஒன்றுதான்: கிரே கோடு போட்டால் ஃபிளிப்ஃபிளாப் 0ஆ 1ஆ என்று முடிவாகாத தள்ளாட்ட நிலைக்குப் போகாது. அவ்வளவே.

ஜாபர்:
கதிர், அது பாதிதான் சரி. மாறிக்கொண்டிருக்கும் பிட்டை அடுத்த களத்தின் கடிகாரம் பிடித்தால் கிரே கோடிலும் தள்ளாட்டம் வரத்தான் செய்யும். அது அடங்குவதற்கு நேரம் கொடுக்கத்தான் ஒவ்வொரு பிட்டுக்கும் இரண்டு ஃபிளிப்ஃபிளாப்பை வரிசையாக வைக்கிறோம். அடங்கியபின் அந்த பிட் பழைய மதிப்பாக நிற்குமா புதிய மதிப்பாக நிற்குமா என்பது மட்டும் நம் கையில் இல்லை. கிரே கோடின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

எட்டு இடம் உள்ள ஃபைஃபோ, நான்கு பிட் சுட்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதுசுட்டி 7இலிருந்து 8க்குப் போகிறது. இருமத்தில் 0111, 1000 ஆகிறது. நான்கு பிட்டும் ஒரே சமயத்தில் புரள்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பழையதாகவோ புதியதாகவோ பிடிபடலாம் என்பதால், பதினாறு மதிப்பில் எது வேண்டுமானாலும் மறுபக்கம் தெரியலாம். 1111 தெரிந்தது என்றே வைப்போம். படிசுட்டி 7இல் நிற்கிறது. 15இல் 7 போக எட்டு. உண்மையில் உள்ளே இருப்பது ஒரே ஒரு சொல், படிக்கும் பக்கமோ எட்டும் நிரம்பிவிட்டதாக நம்புகிறது. நான்கு சேர்ந்ததும் மொத்தமாக எடுக்கும்படி அந்தப் பக்கத்தை வடிவமைத்திருந்தால் முதல் சொல் சரியாக வரும், அடுத்த மூன்றும் போன சுற்றின் மிச்சம். இந்தப் பிழை எப்போதோ ஒருமுறைதான் வரும். கடிகார விளிம்புகள் எப்படிச் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்தது என்பதால் சாதாரண சிமுலேஷனில் தலைகாட்டாமலே போய்விடும்.

இதே இடம் கிரே கோடில்:

```
gray = bin ^ (bin >> 1)

5  0111
6  0101
7  0100
8  1100
```

7 → 8க்கு மேல் பிட் மட்டும் மாறுகிறது. அது எப்படிப் பிடிபட்டாலும் மறுபக்கம் 7 தெரியும், அல்லது 8 தெரியும். மூன்றாவது ஒன்றுக்கு வழியே இல்லை. 7 என்றே தெரிந்தால் படிப்பவர் 'காலி' என்று ஒரு துடிப்பு காத்திருப்பார், நட்டம் அதோடு சரி. எழுதுபவருக்குப் பழைய படிசுட்டி தெரிந்தால் 'நிரம்பியிருக்கிறது' என்று சற்றுக் கூடுதலாகப் பொறுப்பார். பழைய செய்தி எப்போதும் பாதுகாப்பான பக்கமே சாய்கிறது. சொல் எதுவானாலும் 'ஒரு பிட்' என்பது அதில் தெரியட்டும்.

டெய்சி:
குறுக்கே வருகிறேன். நான் ஒரு வெப்ப உணரியின் அளவுகளை வேறு கடிகாரக் களத்துக்கு அனுப்ப கிரே கோடு போட்டேன். அப்படியும் நடுவில் சம்பந்தமில்லாத எண்கள் வருகின்றன. சொல்லை மாற்றினால் சரியாகுமா?

ஜாபர்:
ஆகாது. உணரி 20இலிருந்து 25க்குத் தாவினால் கிரே கோடிலும் பல பிட் மாறும். ஒவ்வொன்றாக ஏறும் அல்லது இறங்கும் எண்ணுக்குத்தான் இந்தக் காவல். அந்தத் தரவை ஃபைஃபோவுக்குள் போட்டு அனுப்புங்கள், சுட்டி மட்டும் கிரேயில் போகட்டும்.

கதிர்:
அப்படியானால் என் சந்தேகத்துக்கும் பதில் சொல்லுங்கள். எழுதும் கடிகாரம் வேகம், படிப்பது மந்தம். படிப்பவரின் இரண்டு விளிம்புக்கு நடுவே சுட்டி 5இலிருந்து 8க்குப் போய்விட்டது. 0111, 1100. மூன்று பிட் மாறியிருக்கிறது! 'ஒற்றை' என்று பெயர் வைத்தால் அது பொய்யில்லையா?

ஜாபர்:
நல்ல கேள்வி. ஆனால் அந்த மூன்றும் சேர்ந்து மாறவில்லை. இரண்டு முன்பே மாறி அடங்கிவிட்டன. விளிம்பு வந்து விழும் கணத்தில் அசைந்துகொண்டிருப்பது அதிகபட்சம் ஒன்றுதான். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பிட்களின் கம்பிகளுக்கு இடையே உள்ள தாமத வேறுபாடு எழுதும் கடிகாரத்தின் ஒரு சுற்றுக்குள் இருக்க வேண்டும். ஒரு பிட் மட்டும் சிப்பை வலம் வந்தால் நேற்றைய மாற்றமும் இன்றைய மாற்றமும் ஒன்றாகப் போய்ச் சேரும். நேரக் கட்டுப்பாட்டுக் கோப்பில் இதை எழுத மறப்பவர்கள் நிறைய.

அரங்கநாதன்:
கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணுக்குத் திரும்பும்போதும் ஒரே பிட்தானா?

ஜாபர்:
ஆமாம் ஐயா. 15 என்பது 1000, சுழியம் 0000.

அரங்கநாதன்:
அப்படியானால் இது அந்தாதி! ஒன்றின் ஈறு அடுத்ததன் முதலாகி, நூலின் இறுதி தொடக்கத்தைத் தொட்டு மண்டலித்து முடிகிறது. திரியைக் கைவிடுகிறேன். 'அந்தாதிக் குறிமுறை'.

கதிர்:
விளக்கே தேவலாம்.

மலர்விழி:
ஐயா, அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு சிக்கல். பயிற்சியில் ஆறு இடம் உள்ள ஃபைஃபோ கேட்கிறார்கள். சுட்டிக்குப் பன்னிரண்டு நிலை வேண்டும். 0 முதல் 11 வரை போட்டுப் பார்த்தேன். 11க்கு 1110 வருகிறது, அங்கிருந்து 0000க்குத் திரும்ப மூன்று பிட் மாறுகிறது. மண்டலிக்கவில்லையே?

ஜாபர்:
0இலிருந்து தொடங்காதீர்கள். 2இலிருந்து 13 வரை எண்ணுங்கள். 2க்கு 0011, 13க்கு 1011, மேல் பிட் ஒன்றுதான் வேறு. அரங்கநாதன் ஐயா சொன்ன எதிரொளிப்பு இங்கே உதவுகிறது: மேல் பாதி கீழ்ப் பாதியின் கண்ணாடிப் பிம்பம், மேல் பிட் மட்டும் மாறும். இரு முனையிலும் சம அளவு வெட்டினால் மண்டலிக்கும். நிலைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், ஒற்றைப்படையில் எந்த வழியிலும் முடியாது. ஆனால் இப்படி வெட்டினால் நினைவக முகவரியும் 'நிரம்பியது' என்ற சோதனையும் சிக்கலாகும். பலரும் பேசாமல் எட்டு இடமாகவே வைத்துவிடுவார்கள்.

மலர்விழி:
நன்றி. 'ஒருபிட்மாறு குறிமுறை' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் 'கிரே குறிமுறை எனவும் வழங்கும்' என்று சேர்த்து அனுப்புகிறேன். மூவர் சரி என்று தனிமடல் போட்டிருக்கிறார்கள்.

அரங்கநாதன்:
பிட்டை உள்ளே வைத்துக்கொண்டு தமிழ்ச்சொல் என்கிறீர்கள். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பிட்டுக்கு 'துணுக்கு' என்று முன்பே எழுதியிருந்தேன், யாரும் பதில் சொல்லவில்லை.

கதிர்:
துணுக்கு வார இதழில் வருவது ஐயா. அதற்குப் புதிய இழை தொடங்குங்கள்.