"அநேகமாக" என்ற சொல்லை நம்பி மார்க் விட்ட கதை

கவிதா: நெட் தேர்வு முதல் தாளுக்குப் படிக்கிறேன். மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி. "நூலகத்தின் வார விடுமுறை திங்கள் அல்லது வெள்ளி, இரண்டில் ஒன்று. திங்கள் விடுமுறை இல்லை. ஆகவே அநேகமாக வெள்ளிதான் விடுமுறை." இது உய்த்தறிதலா, தொகுத்தறிதலா? அநேகமாக என்று இருந்ததால் தொகுத்தறிதல் என்று போட்டேன். தப்பாம். அடுத்த கேள்வி இன்னும் மோசம். "பஸ் 20 நாளாக 8:10க்கு வந்தது. ஆகவே நாளையும் நிச்சயம் 8:10க்கு வரும்." இதை உய்த்தறிதல் என்று போட்டேன், அதுவும் தப்பு. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

முருகேசன்: எங்கள் வாத்தியார் சொன்ன வழி சுலபம். பொதுவிலிருந்து தனிக்கு வந்தால் உய்த்தறிதல், தனியிலிருந்து பொதுவுக்குப் போனால் தொகுத்தறிதல். சொல்லையே பார்க்க வேண்டாம். நான் இதை வைத்துத்தான் பாஸ் பண்ணினேன்.

யாழினி (யாழ்ப்பாணம்): முருகேசன் அண்ணா, சொல்லைப் பார்க்காதே என்றது சரி. ஆனா உங்கட வழியும் கைவிடும். நான் உயர்தரத்துக்கு அளவையியல் படிப்பிக்கிறன், வருசா வருசம் பிள்ளையள் இதிலதான் விழுகிறவை. கேளுங்கோ: "இந்த அறையில அஞ்சு பேர்தான் இருக்கினம். அஞ்சு பேரும் கண்ணாடி போட்டிருக்கினம். ஆகவே அறையில இருக்கிற எல்லாரும் கண்ணாடி போட்டவை." ஒவ்வொருத்தரா எண்ணிப் பொதுவுக்குப் போறம், ஆனா இது உய்த்தறிதல். அந்த பஸ் கதையில 20 நாளில இருந்து நாளைக்கு எண்ட ஒரு நாளுக்குப் போறம். பொது எண்டு ஒண்டும் அங்க இல்லை, ஆனா அது தொகுத்தறிதல்.

கவிதா, நான் செய்யிறது இதுதான். முதல்ல அநேகமாக, நிச்சயம், கட்டாயம் எல்லாத்தையும் பென்சிலால வெட்டிப் போடுங்கோ. பிறகு எடுகூற்றுகள், அதாவது "ஆகவே"க்கு முன்னால சொன்னதுகள், உண்மை எண்டு ஒத்துக்கொண்டு, முடிவு பொய்யாகிற மாதிரி ஒரு கதை கட்டிப் பாருங்கோ. பஸ்சுக்கு டயர் வெடிச்சிது எண்டு உடனே கட்டலாம். நூலகத்துக்குக் கட்டேலாது. ரெண்டில ஒண்டு, திங்கள் இல்லை, மிச்சம் வெள்ளி மட்டும்தான். அதாலதான் அது உய்த்தறிதல். அங்க "அநேகமாக" எண்டது சொன்னவரின்ர தயக்கம்.

ஆனா எல்லா இடத்திலயும் வெட்டக் கூடாது. "பையில 10 கோலி, 9 வெள்ளை. எதை எடுக்கவும் சம வாய்ப்பு. ஆகவே வெள்ளை வர வாய்ப்பு 10ல 9." இதில வாய்ப்பு எண்ட சொல் முடிவுக்கு உள்ளேயே இருக்கு. அதை வெட்டினா முடிவே மாறிப்போகும். இப்பிடியே விட்டா உய்த்தறிதல். "ஆகவே வெள்ளைதான் வரும்" எண்டு எழுதினா தொகுத்தறிதல்.

செல்வராணி: பி.எட்.டில் படித்தோமே, விதிவருமுறை, விதிவிளக்குமுறை. இலக்கண வகுப்புக்கு விதிவருமுறைதான் நல்லது. முதலில் எடுத்துக்காட்டு சொல்லி, பிறகு புணர்ச்சி விதிக்கு வந்தால் பிள்ளைகளுக்குப் பிடித்துவிடும்.

கவிதா: டீச்சர், அது பாடம் நடத்தும் முறை. நான் கேட்டது ஒரு வாதம் எந்த வகை என்று. 🙂

பாலா: பெயரே தப்பாக வழிகாட்டும் இடமும் உண்டு. பதினொன்றாம் வகுப்பில் கணிதத் தொகுத்தறிதல் என்று படித்தோமே, அது தொகுத்தறிதலே இல்லை. 1க்குச் சரி, k-க்குச் சரியென்றால் k+1க்கும் சரி, ஆகவே எல்லா எண்ணுக்கும் சரி. இதற்கு டயர் வெடிக்கும் கதை கட்டவே முடியாது.

ரமேஷ்: என் வீட்டு வழக்கு ஒன்று. மனைவி சொன்னாள்: "மழை பெஞ்சா தெரு நனையும். தெரு நனஞ்சிருக்கு. அப்ப கண்டிப்பா மழை பெஞ்சிருக்கு." பார்த்தால் தண்ணி லாரி ஒழுகிக்கொண்டு போயிருக்கிறது. ஆக, யாழினி சொன்ன கதை இங்கே கட்ட முடிகிறது. அப்படியானால் இது தொகுத்தறிதலா?

முருகேசன்: கட்ட முடிந்தால் தொகுத்தறிதல். அவங்களே இப்பத்தானே சொன்னாங்க.

யாழினி (யாழ்ப்பாணம்): இல்லை, அப்பிடி முடிக்கேலாது. கதை கட்டேலாது எண்டா உய்த்தறிதல், அதில சந்தேகமில்லை. கட்டலாம் எண்டா ரெண்டு வழி இருக்கு. ஒண்டு தொகுத்தறிதல், மற்றது பிழைச்சுப்போன உய்த்தறிதல். கட்டக்கூடிய எல்லாத்தையும் தொகுத்தறிதல் எண்டா, பிழையான உய்த்தறிதல் எண்டு உலகத்தில ஒண்டும் மிஞ்சாது. அக்கா "மழை பெய்தால் நனையும்" எண்ட விதியைத் திருப்பிப் போட்டுக் கட்டினவவோ, இல்லாட்டி நனைஞ்ச தெருவைக் கண்டு ஊகிச்சவவோ எண்டு பார்க்கோணும்.

ரமேஷ்: கேட்டேன். "ஐப்பசி மாசத்துல தெரு நனஞ்சா வேற என்னவாம்"னு திருப்பிக் கேட்கிறாள்.

பாலா: அப்போ ஊகம்தான். ஐப்பசி என்பதை அவர் வெளியே சொல்லவில்லை, மனதில் வைத்திருக்கிறார்.

யாழினி (யாழ்ப்பாணம்): சொல்லாததை நாங்கள் சேர்த்து வாசிக்கலாமோ எண்டதிலதான் எனக்கும் என்ர சக ஆசிரியருக்கும் இண்டை வரைக்கும் சண்டை. அவர் எழுதினதை மட்டும் பார் எண்டுவார். நான் சேர்த்து வாசிக்கிற பக்கம்.

கவிதா: தேர்வில் மழைக் கேள்வி வந்தால் எதைப் போடுவது?

யாழினி (யாழ்ப்பாணம்): "மழை பெய்தால்" எண்ட விதி எழுத்தில இருந்தா, பிழையான உய்த்தறிதல் எண்டு போடுங்கோ. வினாத்தாளில அக்காவிட்ட ஐப்பசியைப் பற்றிக் கேட்கேலாதுதானே.